பொம்மைப் பெட்டியில் தொலைந்துபோன ஒரு ‘இல்லை’

படிவம் மூன்று மாணவி ஒருத்தி ஓய்வு நேரத்தில் கைப்பேசியுடன் என்னிடம் வந்தாள். அவளுடைய சித்தி மகனுக்கு மறுவாரம் இரண்டாவது பிறந்தநாள். கடையில் நின்றுகொண்டிருந்த சித்தி, மரத்தால் ஆன மீன்பிடி விளையாட்டுப் பெட்டி ஒன்றைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இதை வாங்கலாமா?” என்று கேட்டிருந்தார். பெட்டி முழுக்கச் சீன எழுத்து. மாணவி அந்தப் படத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

“டீச்சர், முன்பக்கம் 3 வயதுக்கு மேல்னு வருது. பின்பக்கம் 3 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஏற்றதுன்னு வருது. எது சரி?”

அந்தக் கேள்வியை அவள் கேட்டதே பெரிய விஷயம். ஒரே பெட்டி இரண்டு விதமாகப் பேச வாய்ப்பில்லை. அப்படியானால் பிழை பெட்டியில் இல்லை, படத்திலோ மொழிபெயர்ப்பிலோ இருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கினோம். பெட்டியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையில் கடை விளக்கு பட்டு ஒரு வெள்ளைத் திட்டு. அது சரியாக எச்சரிக்கை வரியின் தொடக்கத்தில் விழுந்திருந்தது. வகுப்பில் சீனப்பள்ளியில் படித்து வந்த மாணவன் ஒருவனை அழைத்துக் காட்டினேன். அவன் பார்த்தவுடன், “இங்கே ஓர் எழுத்து மறைந்திருக்கு டீச்சர். ‘பூ’ என்ற எழுத்தா இருக்கணும்” என்றான். ‘பூ’ என்றால் ‘இல்லை’. நான்கே கோடுகளில் எழுதும் சின்ன எழுத்து. அது இருந்தால் ‘ஏற்றதல்ல’, மறைந்தால் ‘ஏற்றது’. செயலி தன் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் ஒழுங்காக மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டது.

இன்னொரு கண்ணியையும் அவன் காட்டினான். சீனத்தில் ‘3 வயதுக்கு மேல்’, ‘3 வயதுக்குக் கீழ்’ என்ற இரண்டுக்கும் கடைசி எழுத்துதான் வித்தியாசம். இரண்டுமே மூன்று கோடுகள். நீளமான படுக்கைக் கோடு அடியில் இருந்து மற்றவை அதன்மேல் நின்றால் ‘மேல்’. படுக்கைக் கோடு உச்சியில் இருந்து மற்றவை அதிலிருந்து தொங்கினால் ‘கீழ்’. ஒருமுறை பார்த்துவிட்டால் சீனம் தெரியாதவர்களுக்கும் மறக்காது. மங்கலான படத்தில் செயலி இதில் தடுமாறினால், நம் கண்ணால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சித்தியிடம் மறுபடி படம் கேட்டோம். இம்முறை பிளாஷ் போடாமல், விளக்குக்கு நேரே இல்லாமல் பெட்டியைச் சற்றுத் திருப்பி, ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக, எச்சரிக்கை வாக்கியம் முதல் எழுத்திலிருந்து முற்றுப்புள்ளி வரை அடங்கும்படி எடுக்கச் சொன்னோம். புதிய படத்தில் ‘இல்லை’ திரும்பி வந்துவிட்டது. அதன் பக்கத்திலேயே மொழியே தேவைப்படாத ஓர் அடையாளமும் இருந்தது: சிவப்பு வட்டத்துக்குள் ஒரு குழந்தை முகம், ‘0-3’ என்ற எண், குறுக்கே சிவப்புக் கோடு. பூஜ்ஜியம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இது ஆகாது என்று பொருள். குறுக்குக் கோட்டைக் கவனிக்காமல், ‘0-3 வயதுக்கான பொம்மை’ என்று நம்பி வாங்குபவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, எழுத்து சரியாகக் கிடைத்துவிட்டது. அடுத்த வரியைச் செயலி ‘சிறிய பாகங்கள், மூச்சுத் திணறல் ஆபத்து’ என்று தமிழாக்கியது. தவறில்லை, ஆனால் போதவும் இல்லை. மூச்சுத் திணறல் என்றதும் நமக்கு ஆஸ்துமாவும் புகையும்தான் ஞாபகம் வருகின்றன. “பெயின்ட் வாசனை ஒத்துக்காதோ?” என்றுதான் சித்தியும் கேட்டார். பெட்டி சொல்வது அதுவல்ல. ‘இதிலுள்ள சிறு துண்டைக் குழந்தை விழுங்கினால் தொண்டையில் சிக்கி மூச்சுக்குழாயை அடைத்துவிடும்’ என்பதே அதன் முழுப் பொருள்.

மூன்று வயது என்ற எல்லை எங்கிருந்து வந்தது? அது பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றியது அல்ல. “எங்க பையன் ரொம்ப சூட்டிகை, மூணு வயசு பொம்மையெல்லாம் இப்பவே விளையாடுவான்” என்ற பேச்சு இங்கே செல்லாது. அந்த வயதுக்குள் குழந்தைகள் எதையும் வாயில் வைத்துத்தான் அறிந்துகொள்கிறார்கள். அரைக்கும் கடைவாய்ப் பற்கள் முழுதாக முளைத்திருக்காது. விழுங்குவதையும் மூச்சுவிடுவதையும் ஒத்திசைக்கும் பழக்கமும் முதிர்ந்திருக்காது. சூட்டிகையான பிள்ளைக்கும் தொண்டை அதே அளவுதான்.

எவ்வளவு சிறியது ‘சிறிய பாகம்’? அதை அளக்க ஐ.எஸ்.ஓ. 8124 போன்ற பொம்மைப் பாதுகாப்புத் தரங்களில் ஓர் உருளை இருக்கிறது. உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அடிப்பகுதி சாய்வாக இருப்பதால் ஆழம் ஒரு பக்கம் 25.4, எதிர்ப்பக்கம் 57.1 மில்லிமீட்டர். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்கு விரிந்த தொண்டையை ஒட்டி அமைந்த அளவு இது. ஒரு துண்டை அழுத்தாமல், எப்படித் திருப்பி வைத்தாலும் சரி, ஏதாவது ஒரு நிலையில் முழுதாக உள்ளே அடங்கிவிட்டால் அது ‘சிறிய பாகம்’.

ஆழங்களைக் கழித்துப் பாருங்கள்: 57.1 – 25.4 = 31.7. விட்டமும் அதேதான். ஆகவே சாய்வு சரியாக 45 பாகை. இது தெரிந்தால் மணிலா அட்டையிலேயே உருளை செய்யலாம். சுற்றளவு சுமார் 10 சென்டிமீட்டர். ஒட்டுவதற்கு ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வைத்துச் சுருட்டி ஒட்டி, ஒரு முனையை 45 பாகையில் வெட்டி, அதை இன்னோர் அட்டையால் மூடினால் முடிந்தது.

செய்து பார்த்தோம். பெட்டியின் பக்கவாட்டில் மீனின் அளவு அச்சாகியிருந்தது: நீளம் 4, அகலம் 2, தடிமன் 0.6 சென்டிமீட்டர். அதே அளவில் அட்டை மீன் ஒன்றை வெட்டி, ஆழமான பக்கத்துச் சுவரையொட்டி நிறுத்தினாள் மாணவி. வால்கூட வெளியே தெரியவில்லை.

இதற்கு நேர்மாறாகப் பொம்மை உருளைக்குள் போகவில்லை என்பதால் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஆய்வுக்கூடத்தில் பொம்மையைக் கீழே போட்டு, முறுக்கி, இழுத்துப் பார்த்த பிறகு கழன்று வருவதையும் இப்படி அளப்பார்கள். நம் வீட்டுச் சோதனையில் அது இல்லை. உருண்டைப் பொருளுக்கும் இந்த உருளை போதாது. பந்து தொண்டையின் வடிவத்துக்குப் பொருந்தி முழுதாக மூடிவிடும் என்பதால், அமெரிக்க விதிகள் சிறு பிள்ளைகளின் பந்துக்கு 44.4 மில்லிமீட்டர் என்ற பெரிய அளவை வைத்திருக்கின்றன.

இந்த மீன்பிடி விளையாட்டில் இன்னொரு வரியும் இருந்தது. முதல் படத்தில் அது வெட்டுப்பட்டுப் போயிருந்தது. மீனின் வாயில் காந்தம் உண்டு என்றது அந்த வரி. இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால் குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து அவை ஒன்றையொன்று இழுத்து, நடுவில் அகப்பட்ட குடற்சுவரை நசுக்கித் துளைத்துவிடும். இந்த ஆபத்து மூன்றாவது பிறந்தநாளோடு தீர்ந்துவிடாது.

சித்தி பெட்டியை அலமாரியிலேயே வைத்துவிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் பெரிய கிண்ணங்களை வாங்கினார். அதன் பெட்டியில் ‘12 மாதம் முதல்’ என்று இருந்தது. அதையும் படமெடுத்து அனுப்பத் தவறவில்லை.

அட்டை உருளை இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. மாணவர்கள் அழிப்பான், சாவிக்கொத்து என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்க்கிறார்கள். நேற்று ஒருவன் பேனா மூடியைப் போட்டான், காணாமல் போனது. வெளியே எடுத்து நுனியைப் பார்க்கச் சொன்னேன். சின்ன ஓட்டை இருந்தது. தப்பித்தவறித் தொண்டையில் சிக்கினாலும் கொஞ்சம் காற்றாவது உள்ளே போகட்டும் என்று வைத்த ஓட்டை அது.