நெறியாளரின் ஓரக்குறிப்புகளுக்குப் பதில் எழுதுவது

முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் ஆய்வேட்டின் ஓர் இயலை எழுதி நெறியாளரிடம் கொடுக்கிறார். சில வாரங்கள் கழித்து அது முப்பது, நாற்பது ஓரக்குறிப்புகளோடு திரும்பி வருகிறது. பலரும் அன்றைக்கே உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வரிசையாகத் திருத்தத் தொடங்கிவிடுவார்கள். எழுத்துப்பிழை, ஒற்று, ‘இந்த வாக்கியம் புரியவில்லை’ என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே போனால், பதினான்காம் பக்கத்தில் இயலின் வாதத்தையே அசைக்கும் குறிப்பு ஒன்று காத்திருக்கும். அதற்குப் பதில் தேடும்போது, அதுவரை மெருகேற்றிய பக்கங்களில் பாதியை மறுபடி எழுத வேண்டியிருக்கும். ஆகவே இயலில் கை வைப்பதற்கு முன் எல்லாக் குறிப்புகளையும் எண் போட்டு ஓர் அட்டவணையில் இறக்கிவிடுவது நல்லது.

அட்டவணையில் நான்கு கட்டங்கள் போதும்: எண், நெறியாளரின் குறிப்பு, ஆய்வாளர் செய்தது, செய்த இடம். குறிப்பை அவர் எழுதிய சொற்களிலேயே எடுத்தெழுத வேண்டும். சுருக்கி எழுதினால் நமக்கு வசதியான பொருள்தான் அதில் தங்கும். ஒரே குறிப்பில் இரண்டு கேள்விகள் இருந்தால் 7அ, 7ஆ என்று பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் எளிதான பாதிக்குப் பதில் எழுதிவிட்டு, மற்றதும் முடிந்தது என்று நினைத்துக்கொள்வோம். பக்க எண் கட்டத்தை மட்டும் கடைசி நாள்வரை காலியாக விடலாம். திருத்தத் திருத்தப் பக்கங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும்.

இனி ஓர் இயலைக் கற்பனை செய்துகொள்வோம். வடமாவட்டம் ஒன்றில் ஏரிப் பாசனம் எப்படி நலிந்தது என்பது ஆய்வு. ஒரே ஏரியின் ஆயக்கட்டில் மூன்று ஊர்கள், 120 விவசாயக் குடும்பங்கள். ஏரி தூர்ந்ததால் விவசாயிகள் கிணற்றுக்கு மாறினார்கள் என்பது மூன்றாம் இயலின் மைய வாதம். பதினான்காம் பக்க ஓரத்தில் நெறியாளர் எழுதியிருக்கிறார்: ‘ஏரி தூர்ந்ததுதான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இலவச மின்சாரம்?’

இதற்கு ‘திருத்தப்பட்டது’ என்று பதில் எழுதுபவர்கள் உண்டு. நெறியாளருக்கு அது எந்த வகையிலும் உதவாது. என்ன திருத்தினார்கள் என்று அறிய அவர் மறுபடி முழு இயலையும் படிக்க வேண்டும். இன்னும் சிலர், ‘இலவச மின்சாரமும் ஒரு காரணமாக இருக்கலாம்’ என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இது முன்னதைவிட ஆபத்தானது. கேள்விக்குப் பதில் வந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் வாதம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நெறியாளர் கேட்பது எது முந்தியது என்பதை. தமிழ்நாட்டில் விவசாயத்துக்கான இலவச மின்சாரம் 1980-களில் சிறு விவசாயிகளுக்குத் தொடங்கி, 1990-ஐ ஒட்டி எல்லா விவசாயிகளுக்கும் விரிந்தது. ஏரி நல்ல நிலையில் இருந்தபோதே பம்புசெட் வந்திருக்கலாம். கிணறு உள்ளவர் ஏரித் தண்ணீரை நம்பியிருக்க மாட்டார். வரத்துக்கால்வாயைத் தூர்வார ஊர் கூடும்போது அவர் வரமாட்டார். அப்படியானால் கிணறுகள் பெருகியதால் ஏரி தூர்ந்தது என்றும் சொல்ல இடமுண்டு.

விடை ஆய்வாளரின் கையிலேயே இருக்கிறது. கிணறு வெட்டிய ஆண்டை நேர்காணல் படிவத்தில் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். அதைப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். 120 குடும்பங்களில் 74 குடும்பங்களுக்குக் கிணறு உண்டு. கடைமடைக்கு ஏரி நீர் வராமல் போனதாக ஊரார் சொல்லும் ஆண்டுக்கு முன்பே வெட்டியவை 41, பின்பு வெட்டியவை 33 என்று வைத்துக்கொள்வோம். நினைவிலிருந்து சொல்லும் ஆண்டு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பின் இருக்கும். அதனால் எல்லையை ஒட்டி வெட்டிய கிணறுகளை ஒதுக்கிவிட்டு மறுபடி எண்ண வேண்டும். அப்போதும் முந்தியவையே கூடுதல் என்றால், பழைய வாதம் நிற்காது. ஏரியின் நலிவும் கிணறுகளின் பெருக்கமும் ஒன்றையொன்று வளர்த்தன என்ற அளவுக்கு அதைக் குறுக்கியாக வேண்டும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். குறிப்பு பதினான்காம் பக்கத்தில் இருந்தாலும் மாற்றம் அங்கே மட்டும் நிகழ்வதில்லை. ஒன்பதாம் பக்கத்தில் புதிய அட்டவணை வர வேண்டும், துணைத்தலைப்பு மாற வேண்டும், இயலின் முன்னுரையிலும் முடிவுரையிலும் பழைய வாதத்தைச் சொல்லும் வாக்கியங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். பதில் இப்படி அமையலாம்: ‘தாங்கள் சுட்டியபடி, காரணத்தை நிறுவ என்னிடம் சான்று இல்லை அம்மா. கிணறு வெட்டிய ஆண்டுகளைத் தொகுத்து அட்டவணை 3.2-ஆகச் சேர்த்துள்ளேன். 74-இல் 41 கிணறுகள் கடைமடைக்கு நீர் நிற்பதற்கு முன்பே வெட்டப்பட்டவை. எனவே வாதத்தைக் குறுக்கி, 3.3-இன் தலைப்பு, முன்னுரையின் கடைசிப் பத்தி, முடிவுரை மூன்றையும் மாற்றியுள்ளேன். நினைவுப் பிழைக்கான வரம்பையும் குறித்துள்ளேன்.’ இயலைத் திறக்காமலேயே என்ன நடந்தது என்று நெறியாளருக்குப் புரிந்துவிடும்.

அடுத்த குறிப்பு ஒரே சொல்: ‘மாதிரி?’ இந்த மூன்று ஊர்கள் ஏன் என்றும் கேட்டிருக்கலாம், ஊருக்குள் குடும்பங்களை எப்படித் தேர்ந்தீர்கள் என்றும் கேட்டிருக்கலாம். அருகில் இருந்தால் நேரில் கேட்டுவிடலாம். முடியாதபோது, எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதைப் பதிலின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். தவறாகப் புரிந்திருந்தால் அவர் உடனே திருத்துவார். இரண்டுக்கும் முதல் இயலில் விளக்கம் இருக்கலாம். ‘ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்’ என்று எழுதத் தோன்றும், எழுதக் கூடாது. படிப்பவர் தடுக்கியது இந்த இடத்தில். தலைமடை, நடுமடை, கடைமடைக்கு ஒன்றாக ஊர்களைத் தேர்ந்ததை இங்கேயும் இரண்டு வாக்கியத்தில் சொல்லி, விரிவுக்கு முதல் இயலைக் காட்டினால் போதும்.

எல்லாக் குறிப்பையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. ‘ஏரி வரலாற்றுப் பகுதியை எடுத்துவிடலாம்’ என்று நெறியாளர் எழுதியிருக்கிறார். ஆனால் முறைவைத்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டியைப் பற்றிய செய்தி அங்கேதான் இருக்கிறது. கடைமடையின் நீர் உரிமையைப் பேசும் பகுதி அதன் மேல்தான் நிற்கிறது. அப்போது மறுப்பை மட்டும் எழுதக் கூடாது. அந்தக் குறிப்பு வரக் காரணம் ஒன்று இருக்கும்: ஆறு பக்க வரலாறு இயலின் ஓட்டத்தை நிறுத்துகிறது. ஆறை இரண்டாக்கி, மீதியைப் பின்னிணைப்புக்கு அனுப்பி, நீர்க்கட்டிப் பகுதி எதற்குத் தேவை என்று அதன் முதல் வரியிலேயே சொல்லலாம். பதிலில் ‘இந்தப் பகுதியை மட்டும் இந்தக் காரணத்தால் வைத்துக்கொண்டேன், நீக்குவதே சரி என்று தாங்கள் கருதினால் நீக்குகிறேன்’ என்று எழுதலாம். போன சுற்றில் விரிக்கச் சொன்னதை இந்தச் சுற்றில் சுருக்கச் சொன்னாலும் இதே வழிதான். பழைய குறிப்பின் தேதியைச் சுட்டி, எதைச் செய்யட்டும் என்று கேட்டுவிட வேண்டும்.

இந்த அட்டவணை நெறியாளரோடு முடிந்துவிடுவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளின்படி, நெறியாளரைத் தவிர குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்கள் ஆய்வேட்டை மதிப்பிடுகிறார்கள். ‘இலவச மின்சாரம்?’ என்ற கேள்வி அவர்களில் ஒருவரிடமிருந்தும் வரக்கூடியது. வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய வாரம் அட்டவணையை எடுத்துப் படித்தால், வரக்கூடிய கேள்விகளில் பல பதில்களோடு அதில் இருக்கும்.

அனுப்பும்போது மூன்று கோப்புகள்: பதில் அட்டவணை, மாற்றங்கள் தெரியும் படி, மாற்றங்களை ஏற்ற தூய படி. மாற்றங்களைப் பதிவுசெய்ய மறந்திருந்தால் வேர்டில் Compare வசதி பழைய படியையும் புதிய படியையும் ஒப்பிட்டுக் காட்டும். அடுத்த சுற்றில் புதிய குறிப்புகள் வரும்போது பழைய எண்களை மாற்றக் கூடாது. 12-ஆம் குறிப்பு மறுபடி கிளம்பினால் அது 12-ஆகவே இருக்கட்டும். புதியவை 41-இலிருந்து தொடரட்டும்.