சிறுகுடலில் ஒன்று, பெருங்குடலில் ஒன்று

ஜியார்டியா குடியிருப்பது சிறுகுடலின் மேல்பகுதியில். நோய் தரும் அமீபா குடியிருப்பது பெருங்குடலில். இரண்டும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள். மலம் கலந்த தண்ணீர், சோப்புப் போட்டுக் கழுவாத கை, பச்சையாகத் தின்னும் காய்கறி வழியாகத்தான் இரண்டும் வாய்க்குள் போகின்றன. மருத்துவர் முதலில் எழுதும் மாத்திரையும் பல நேரம் ஒன்றாகவே இருக்கும். அதனால் இரண்டையும் ஒரே வயிற்றுப்போக்கின் இரண்டு பெயர்களாக எண்ணிவிடுவது சகஜம். ஆனால் குடியிருக்கும் இடம் மாறுவதால் வலிக்கும் இடம், மலத்தின் தன்மை, சோதனையில் அகப்படும் விதம், மருந்து எல்லாமே மாறுகின்றன.

இரண்டுக்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று, கெட்டியான உறைக்குள் அடங்கிக் கிடக்கும் சிஸ்ட். ஈரமான இடத்தில் இது நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரின் இதை எளிதில் கொல்வதில்லை, கொதிக்க வைத்தால் செத்துவிடும். விழுங்கிய சிஸ்ட் வயிற்று அமிலத்தைத் தாண்டிக் குடலுக்குள் போய் உறையை உடைத்துக்கொண்டு இரண்டாவது வடிவமாக வெளியே வருகிறது. ட்ரோபோசாய்ட் எனப்படும் இந்த வடிவம்தான் நகரும், தின்னும், பெருகும், நோய் தரும். ஆனால் உடலை விட்டு வெளியேறினால் சீக்கிரம் செத்துப்போகும். மலம் கெட்டியாக இருந்தால் ஒட்டுண்ணிக்கு உறை கட்டிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது, அதில் சிஸ்ட்தான் தெரியும். தண்ணீராகப் போகும்போது அந்த அவகாசம் இல்லாததால் ட்ரோபோசாய்ட்டே வெளியே வந்துவிடும்.

ஜியார்டியாவின் ட்ரோபோசாய்ட் பேரிக்காய் வடிவம் கொண்டது. அடிப்பக்கத்தில் உறிஞ்சு தட்டு ஒன்று இருக்கும். அதைக் கொண்டு சிறுகுடலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும்; சுவரைத் துளைத்து உள்ளே போவதில்லை. எனவே ரத்தமோ சீழோ வருவதில்லை. உணவுச் சத்து, முக்கியமாகக் கொழுப்பு, உறிஞ்சப்படும் இடத்தை அது கெடுத்துவிடுவதால் கொழுப்பு அப்படியே மலத்தோடு போகிறது. கிருமி உள்ளே போய் ஒன்று, இரண்டு வாரம் கழித்து வயிறு உப்புசம், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஏப்பம், மேல்வயிற்றில் பிடிப்பு, எண்ணெய்ப் பசையோடு தண்ணீரில் மிதக்கும் வெளிறிய மலம் என்று தொடங்கும். காய்ச்சல் பெரும்பாலும் இராது. கவனிக்காமல் விட்டால் வாரக்கணக்கில் விட்டுவிட்டு வந்து எடையைக் குறைக்கும். குழந்தைகளின் வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த உயிரை முதலில் கண்டவர் டச்சு நாட்டின் டெல்ஃப்ட் நகரத்து ஆண்டனி வான் லீவன்ஹுக். 1681இல் வயிற்றுப்போக்கு வந்தபோது தன் மலத்தையே தான் தேய்த்துச் செய்த லென்ஸின் கீழ் வைத்துப் பார்த்தார். ஒரு வகையில் மலப் பரிசோதனையின் தொடக்கமும் அதுதான்.

அமீபாவின் முழுப்பெயர் என்டமீபா ஹிஸ்டோலிடிகா. பின்பாதிக்குத் 'திசுவைக் கரைப்பது' என்று பொருள். பெயருக்கேற்ப அது பெருங்குடலின் சுவரைக் கரைத்து உள்ளே புகுந்து, வாய் குறுகி அடி அகன்ற குடுவை போன்ற புண்களை உண்டாக்கும். அடிவயிற்றில் வலி, அடிக்கடி மலம் கழிக்கத் தூண்டும் கடுப்பு, கொஞ்சமே போகும் மலத்தில் சளியும் ரத்தமும் என்று நோய் படிப்படியாக ஏறும். பாக்டீரியாவால் வரும் ரத்தபேதி திடீரென்று அதிகக் காய்ச்சலோடு தாக்கும். அமீபாவில் காய்ச்சல் சிலருக்கு மட்டுமே வரும். இந்த நோயை வேறொன்றாக நினைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1933இன் சிகாகோ சாட்சி. அங்கே நடந்த உலகக் கண்காட்சிக்கு வந்தவர்கள் தங்கிய ஹோட்டல்களில் கழிவுநீர் குடிநீரோடு கலந்து சுமார் 1,400 பேருக்கு அமீபா தொற்றியது, 98 பேர் இறந்தார்கள். சிலருக்குக் குடல்வால் அழற்சி என்று எண்ணி அறுவை சிகிச்சை செய்ததும் நடந்தது. இன்றும் இதைக் குடல் அழற்சி நோய் என்று கருதி ஸ்டீராய்டு கொடுத்தால் புண் குடலைத் துளைத்துவிடக்கூடும்.

குடல்சுவரைத் துளைத்த அமீபா ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போய் அங்கே சீழ்க்கட்டியை உண்டாக்கும், பெரும்பாலும் வலது பாகத்தில். காய்ச்சலும் வலது விலாவுக்குக் கீழே வலியும் இருக்கும். பேதி இல்லாமலே இருக்கலாம். இந்தக் கட்டத்தில் மலப் பரிசோதனையை நம்ப முடியாது. பெரும்பாலானவர்களின் மலத்தில் ஒன்றும் அகப்படாது. ஸ்கேனும் ரத்தத்தில் அமீபா எதிர்ப்பொருள் சோதனையும்தான் இங்கே கைகொடுக்கும்.

மலப் பரிசோதனை எளிதாகத் தோன்றும். ஆனால் அதன் பாதி வெற்றி லேபுக்கு வரும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. வாய் அகன்ற, உலர்ந்த, சுத்தமான டப்பாவில், சிறுநீரோ தண்ணீரோ கலக்காமல் மலத்தை எடுக்க வேண்டும். சளியும் ரத்தமும் உள்ள பகுதியை விட்டுவிடக் கூடாது. தண்ணீராகப் போகிற மலம் என்றால் அரை மணி நேரத்துக்குள் பார்க்கப்பட வேண்டும். அதன்பின் ட்ரோபோசாய்ட் அசைவை இழந்து சிதைந்துவிடும். பிரிட்ஜில் வைத்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது. மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய மாத்திரையை இரண்டு வேளை போட்டுவிட்டு டப்பாவைக் கொண்டு வருபவரிடம் ஒன்றும் தெரியாமல் போவதும் அடிக்கடி நடக்கிறது. மருந்து கிருமியை ஒழிக்காமல், மலத்தில் வருவதை மட்டும் சில நாளுக்கு நிறுத்திவைத்திருக்கும்.

லேபில் கண்ணாடித் துண்டின் ஒரு பக்கம் உப்புநீர்ச் சொட்டிலும் மறுபக்கம் அயோடின் சொட்டிலும் மலத்தைத் துளியளவு கரைக்கிறார்கள். உப்புநீரில் உயிருள்ள ட்ரோபோசாய்ட்டின் அசைவு தெரியும். அமீபா பொய்க்காலை நீட்டி ஒரு திசையில் ஊரும். ஜியார்டியா காய்ந்த இலை காற்றில் சுழன்று விழுவதைப்போல் புரண்டு நகரும். அயோடினில் அசைவு நின்றுவிடும், ஆனால் சிஸ்ட்டுக்குள் இருக்கும் உட்கருக்கள் தெளிவாகத் தெரியும். அமீபா சிஸ்ட் உருண்டையாக, முதிர்ந்தால் நான்கு உட்கருவோடு இருக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த, தீங்கில்லாத என்டமீபா கோலையின் சிஸ்ட்டில் எட்டு இருக்கும். ஜியார்டியாவின் சிஸ்ட் முட்டை வடிவம். கிருமி குறைவாக இருந்தால் அகப்படாது என்பதால், ஃபார்மலினும் ஈதரும் சேர்த்துச் சுழற்றிச் சிஸ்ட்டுகளை அடியில் திரட்டிப் பார்க்கும் முறையும் உண்டு. ஜியார்டியா தினமும் மலத்தில் வருவதில்லை. அதனால் ஒரே மாதிரியில் 'இல்லை' என்று வந்தால் இல்லை என்று ஆகிவிடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று மாதிரி பார்ப்பது அதற்காகத்தான்.

'உண்டு' என்று வந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. அமீபா சிஸ்ட்டைப் போலவே, மைக்ராஸ்கோப்பில் துளியும் வித்தியாசம் தெரியாத இன்னொன்று இருக்கிறது. அதன் பெயர் என்டமீபா டிஸ்பார். அது குடலில் வாழ்ந்துவிட்டுப் போகும், நோய் தராது, மருந்தும் வேண்டாம். இப்படி இரண்டு இனங்கள் இருக்கக்கூடும் என்று பிரெஞ்சு ஆய்வாளர் எமில் புரும்ப்ட் 1925இல் சொன்னபோது பெரும்பாலானோர் ஏற்கவில்லை. 1993இல்தான் இரண்டும் முறைப்படி தனித்தனி இனங்களாயின. ஆகவே ரிப்போர்ட்டில் 'என்டமீபா ஹிஸ்டோலிடிகா சிஸ்ட் காணப்பட்டது' என்ற வரி, கண்ணால் பார்த்ததற்கும் அதிகமாகச் சொல்கிற வரி. ட்ரோபோசாய்ட்டின் வயிற்றுக்குள் ரத்தச் சிவப்பணுக்கள் தெரிந்தால் அது நோய் தரும் அமீபா என்பதற்கு வலுவான ஆதாரம். மற்றபடி பிரித்தறிய, புது மலத்தில் அமீபாவின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜன் சோதனையோ மரபணுவைத் தேடும் பிசிஆரோ வேண்டும். ஜியார்டியாவுக்கும் ஆன்டிஜன் சோதனை இருக்கிறது, அது மைக்ராஸ்கோப் தவறவிடுவதையும் பிடிக்கும்.

ஒரு நோயாளியை எண்ணிப் பார்க்கலாம். முப்பது வயது, மூன்று வாரமாக உப்புசமும் மிதக்கும் மலமும். நான்கு கிலோ இளைத்திருக்கிறார். ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை, பால் குடித்தால் வயிறு பொருமுகிறது. லேப் ரிப்போர்ட் 'அமீபா சிஸ்ட்' என்கிறது. ரிப்போர்ட்டை மட்டும் படித்தால் அமீபா நோய். ஆனால் உடம்பு சொல்வதெல்லாம் சிறுகுடலின் கதை. இங்கே ஆன்டிஜன் சோதனை செய்தால் ஜியார்டியா 'உண்டு', ஹிஸ்டோலிடிகா 'இல்லை' என்று வரக்கூடும். பார்த்த சிஸ்ட் தீங்கற்ற டிஸ்பார். நோய் தந்த ஜியார்டியா அன்றைய மாதிரியில் வரவில்லை.

இவருக்கு மருந்து எளிது. டினிடசோல் 2 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு, சாப்பாட்டோடு ஒரே வேளை. இல்லையென்றால் மெட்ரோனிடசோல் 250 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, ஐந்து முதல் ஏழு நாள். இரண்டிலும் வாயில் உலோகச் சுவை தட்டும். மது கூடவே கூடாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அளவும் மருந்தும் வேறு என்பதால் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

ரத்தபேதியோடு ஹிஸ்டோலிடிகா உறுதியானவருக்கு இது போதாது. மெட்ரோனிடசோலைப் பெரியவர்களுக்கு 500 முதல் 750 மில்லிகிராம் வரை மூன்று வேளையாக ஏழு முதல் பத்து நாள் தருவார்கள். இந்த மருந்து குடலின் மேல்பகுதியிலேயே ஏறக்குறைய முழுவதும் ரத்தத்துக்குள் போய்விடுகிறது. ரத்தத்தோடு சென்று குடல்சுவரிலும் கல்லீரலிலும் புகுந்த அமீபாவைக் கொல்கிறது. ஆனால் பெருங்குடலின் உள்வெளியில் மிஞ்சும் அளவு மிகக் குறைவு. அங்கே கிடக்கும் சிஸ்ட்டுகள் தப்பித்துவிடும். நோயாளி குணமாகிவிட்டதாக நினைப்பார், சில மாதம் கழித்து நோய் திரும்பும், அதற்குள் வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றியிருக்கலாம். எனவே அதைத் தொடர்ந்து, குடலுக்குள்ளேயே தங்கி வேலை செய்யும் டைலாக்சனைடு ஃபுரோயேட் 500 மில்லிகிராம் மூன்று வேளை பத்து நாள், அல்லது பாரோமோமைசின் ஏழு நாள் தர வேண்டும். மருந்துச் சீட்டில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இரண்டாம் பாதிதான். ஹிஸ்டோலிடிகா உறுதியாகியும் தொந்தரவு ஏதும் இல்லாதவருக்கு இந்த இரண்டாவது மருந்து மட்டுமே போதும்.

ஜியார்டியாவுக்கு இப்படி இரண்டாவது மருந்து கிடையாது. ஆனால் மருந்து முடிந்த பின்னும் பால் குடித்தால் சில வாரம் வயிறு பொருமலாம். பால்சர்க்கரையைச் செரிக்கும் நொதி சிறுகுடலின் உட்சுவரில்தான் இருக்கிறது. சுவர் தேறி அது மீண்டும் ஊற அத்தனை நாளாகும். பாலைக் கொஞ்ச நாள் விட்டுப் பார்த்தும் பேதி நிற்கவில்லை என்றால்தான் மலத்தை மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும்.