பென்ட்லிக்கு ஐந்து வரிக் கடிதம்

2003இல் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கிய நூல் இன்னும் என் மேசையில் இருக்கிறது. ஜான் பென்ட்லி எழுதிய 'புரோகிராமிங் பெர்ல்ஸ்'. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தபடி, கணினித் துறையினருக்கான இதழ் ஒன்றில் அவர் எழுதிவந்த பத்திகள் 1986இல் நூலாயின. நான் இன்று புரோகிராம் எழுதும் விதம் அந்த நூலின் நான்காம் கட்டுரையில் கற்றது. அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்ற ஆசை சென்ற மாதம்தான் கைகூடியது.

முதலில் எழுதியது இரண்டு பக்கம் வந்தது. அதில் ஏழு கேள்விகள். முன்பின் தெரியாத ஒருவரிடம் ஏழு கேள்வி கேட்பது அவர் தலையில் வேலையைச் சுமத்துவதுதான். அதனால் வேறு நூல்களிலேயே விடை கிடைக்கக்கூடியவற்றை அடித்தேன். அவருடைய கருத்தைக் கேட்பவற்றையும் அடித்தேன், அவற்றுக்குப் பதில் எழுத ஒரு கட்டுரை வேண்டும். அவர் ஒருவரால் மட்டுமே சொல்ல முடிந்த, ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய கேள்வி ஒன்று மிஞ்சியது. அது புரிய, அந்த நான்காம் கட்டுரைக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது முதல் பக்கத்திலிருந்து புரட்டமாட்டோம். நடுவில் திறப்போம். நாம் தேடும் சொல் அதற்குப் பின்னால் வரும் என்றால் முன்பாதியை விட்டுவிட்டு, பின்பாதியின் நடுவைத் திறப்போம். ஒவ்வொரு முறையும் பாதி கழிந்துபோகும். வரிசைப்படுத்திய பட்டியலில் 150 கோடிப் பதிவுகள் இருந்தாலும், இந்த முறையில் 31 முறை பார்ப்பதற்குள் தேடல் முடிந்துவிடும். இதற்குத்தான் பைனரி சர்ச் என்று பெயர்.

கேட்க எளிது. ஆனால் பென்ட்லி இதைத் தொழில்முறைப் புரோகிராமர்களுக்கான வகுப்புகளில் பயிற்சியாகக் கொடுத்து, இரண்டு மணி நேரம் போல அவகாசமும் தந்தபோது, சுமார் 90 சதவீதம் பேர் எழுதியதில் பிழை இருந்தது. இந்த முறை அச்சில் முதலில் வந்தது 1946இல். எல்லா அளவுப் பட்டியலுக்கும் ஓடும் வடிவம் 1960இல்தான் வெளியானது என்று டொனால்ட் கனூத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

நானும் அந்த 90 சதவீதத்தில் ஒருவன். என் முதல் வேலையில் எழுதிய பைனரி சர்ச், பட்டியலில் இருக்கும் எண்ணைக் கேட்டால் சரியாகவே எடுத்துக் கொடுத்தது. இல்லாத எண்ணைக் கேட்டபோது நிற்காமல் சுழன்றது. நடுவைப் பார்த்தபின் கீழ் எல்லையை 'நடு + 1'க்கு நகர்த்தாமல் 'நடு'விலேயே வைத்திருந்தேன். கீழ் எல்லை 4, மேல் எல்லை 5 என்று சுருங்கியதும் நடு 4. கீழ் எல்லை மறுபடி 4. அப்படியே எத்தனை சுற்று சுற்றினாலும் 4தான்.

அன்று இரவு நான்காம் கட்டுரையைத் திறந்தேன். ஓட்டிப் பார்த்து, தவறு தெரிந்தால் திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான் அதுவரை எனக்குத் தெரிந்த வழி. பென்ட்லி வேறொன்றைச் செய்கிறார். 'தேடும் பொருள் பட்டியலில் எங்காவது இருந்தால், அது இந்த இரண்டு எல்லைகளுக்குள்தான் இருக்கும்' என்ற உண்மையைக் கையில் பிடித்துக்கொள்கிறார். ஒவ்வொரு வரி ஓடிய பிறகும் அது உண்மையாகவே இருக்கிறதா, ஒவ்வொரு சுற்றிலும் எல்லை குறைந்தது ஓர் இடமாவது சுருங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே போகிறார். இரண்டாவது கேள்வியைக் கேட்டிருந்தால் என் புரோகிராமின் பிழை தாளிலேயே தெரிந்திருக்கும். அன்றிலிருந்து நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

2006இல் ஜோஷுவா பிளாக் ஒரு கட்டுரை எழுதினார். ஜாவா மொழியின் நூலகத்தில் உள்ள பைனரி சர்ச்சை எழுதியவர் அவர். மாணவராக இருந்தபோது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பென்ட்லியின் வகுப்பில் உட்கார்ந்து இதே பாடத்தைக் கேட்டவர். தான் எழுதியதிலும், பென்ட்லி சரி என்று நிறுவிக் காட்டியதிலும் ஒரே பிழை இருக்கிறது என்றார். ஜாவாவில் அது ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. பிழை இருந்தது நடுவைக் கணக்கிடும் வரியில்:

```
mid = (low + high) / 2
```

பள்ளிக்கூடக் கணக்கில் இதில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் கணினி ஓர் எண்ணுக்கு ஒதுக்கும் இடத்துக்கு அளவு உண்டு. வழக்கமான 32 பிட் இடத்தில் 214,74,83,647 வரைதான் கொள்ளும். அதைத் தாண்டினால், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999க்குப் பிறகு 00000 காட்டுவதுபோல, எண் சுற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போகும். இங்கே அந்த மறுமுனை பெரிய மைனஸ் எண்.

150 கோடிப் பதிவுகளையே எடுத்துக்கொள்வோம். எண்ணிக்கை 0இலிருந்து தொடங்குவதால் கடைசி இடம் 149,99,99,999. முதல் நடு 74,99,99,999. தேடுவது பின்பாதியில் இருந்தால் கீழ் எல்லை 75 கோடிக்கு நகரும். இப்போது இரண்டு எல்லைகளையும் கூட்டினால் 224,99,99,999, கொள்ளளவைத் தாண்டியாயிற்று. எந்திரம் தரும் விடை மைனஸ் 204,49,67,297. அதில் பாதியை நடு என்று எடுத்துக்கொண்டு, பட்டியலில் இல்லவே இல்லாத மைனஸ் இடத்துக்குப் போய் நிற்கும். ஜாவாவில் அங்கேயே புரோகிராம் உடையும். சி மொழியில் என்ன நடக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

தேடுவது முன்பாதியில் இருந்தால் ஒன்றும் ஆகாது. பட்டியல் 100 கோடிக்குள் இருந்தாலும் ஆகாது. அதனால்தான் இது சோதனைகளில் சிக்காமல் தப்புகிறது. சிக்கவைக்கப் பெரிய பட்டியல் தேவையில்லை. எங்கள் குழுவில் நடு காணும் வரியைத் தனியாகப் பிரித்து, அதற்கு 75 கோடியையும் 150 கோடியையும் கொடுத்துப் பார்ப்போம். மைனஸ் வந்தால் பிழை. திருத்தமும் ஒரு வரிதான்:

```
mid = low + (high - low) / 2
```

முதலில் இடைவெளியைக் கண்டு, அதில் பாதியைக் கீழ் எல்லையோடு கூட்டுகிறோம். விடை ஒருபோதும் மேல் எல்லையைத் தாண்டாது. எண்கள் தேவைக்கேற்ப வளரும் பைதான் போன்ற மொழியில் இந்தச் சிக்கலே எழாது.

இங்கே பென்ட்லிக்கு நியாயம் செய்ய வேண்டும். 100 கோடி எண்களை, ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட் வீதம் வைத்தால், 400 கோடி பைட் நினைவகம் வேண்டும். அந்நாளைய ஐபிஎம் பிசியில் புரோகிராம்களுக்குக் கிடைத்தது 640 கிலோபைட். அவருடைய தர்க்கத்தில் ஓட்டை இல்லை. எந்திரத்தின் கூட்டலும் கணிதத்தின் கூட்டலும் ஒன்றே என்ற எண்ணத்தின் மீது அந்தத் தர்க்கம் நின்றது. என்னை அரிப்பது அந்த இடம்தான். எழுதாத ஓர் அனுமானத்தைத் தெரிந்தே விடுவதும், அது இருப்பதே தெரியாமல் இருப்பதும் முற்றிலும் வேறு. முதலாவது என்றால், அனுமானங்களை எழுதிவைக்கும் பழக்கம் என்னைக் காப்பாற்றும். இரண்டாவது என்றால், அவ்வளவு கவனமானவருக்கே தெரியாமல் போனது எனக்கும் போகும். வேறொருவரின் கண்ணை நான் நாடியே ஆக வேண்டும்.

'ஏன் கவனிக்கவில்லை?' என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அது குற்றஞ்சாட்டும் கேள்வி, அவரைத் தற்காத்துப் பேச வைக்கும். அதை மாற்றினேன். கடைசியில் அஞ்சலில் போனது, தமிழில் சொன்னால், இவ்வளவுதான்:

அன்புள்ள திரு. பென்ட்லி,

உங்கள் நூலின் நான்காம் கட்டுரையைப் படித்த பிறகுதான், ஒரு சுற்று ஏன் முடியும் என்று தாளில் எழுதிப் பார்க்காமல் நான் புரோகிராமை ஓட்டுவதில்லை. இருபது ஆண்டுகளாக அப்படித்தான் வேலை செய்கிறேன், நன்றி. நடு காணும் வரியைப் பற்றி 2006இல் ஜோஷுவா பிளாக் எழுதியதைப் படித்திருக்கிறேன், அதை விளக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: நடு என்பது இரண்டு எல்லைகளின் சராசரி என்று எழுதிய அந்தக் கணத்தில், எந்திரத்தின் எண்ணுக்கு ஒரு முடிவு உண்டு என்பது உங்கள் மனதில் இருந்ததா? 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற ஒரு சொல் போதும்.