கோடில்லாத கட்டங்கள்

வேலைக்கோ தொழிற்பயிற்சிக்கோ விண்ணப்பிப்பவர்கள், தம் படிப்பையும் அனுபவத்தையும் ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். பயோடேட்டா என்று நாம் சொல்லும் தன்விவரத் தாள் அது. சிலருடைய தாளில் தேதிகள் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றன. வேறு சிலருடைய தாளில் அவை வளைந்து நெளிந்து ஓடுகின்றன. இருவரும் வேர்ட் என்னும் ஒரே மென்பொருளில்தான் தட்டியிருப்பார்கள். பின் ஏன் இந்த வேற்றுமை?

பழைய தட்டச்சுப் பொறியை நினைத்துப் பாருங்கள். அதில் எந்த எழுத்தைத் தட்டினாலும் காகிதம் தாங்கிய உருளை ஒரே அளவு தூரம்தான் நகரும். ஒல்லியான i-க்கும் பருத்த m-க்கும் ஒரே இடம். வெற்றிடத்துக்கும் அதே இடம். ஆகவே எழுத்துகளை எண்ணி, குறைவதற்கேற்ப இடைவெளிக் கட்டையைத் தட்டினால் வரிசை பிசகாது.

கணினியில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி அகலம். Times New Roman என்னும் எழுத்துரு 12 பாயின்ட் அளவில் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பாயின்ட் என்பது ஓர் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. May என்ற சொல் ஏறக்குறைய 22 பாயின்ட் அகலம் கொள்கிறது. July என்பதோ 20 பாயின்ட்தான்! நான்கு எழுத்துச் சொல், மூன்று எழுத்துச் சொல்லைவிடக் குறுகி நிற்கிறது. சரி, July-க்குப் பின் ஒரு வெற்றிடம் கூடுதலாகத் தட்டினால் என்ன? ஒரு வெற்றிடத்தின் அகலம் 3 பாயின்ட். குறைவதோ 2 பாயின்ட். முன்பு இடப்பக்கம் பிசகியது, இப்போது வலப்பக்கம் பிசகும். எத்தனை முறை தட்டினாலும் சரியாக அமையாது.

Tab விசை இதைவிட மேல். அது அடுத்த சொல்லைக் குறித்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். ஆனால் வேலையைப் பற்றிய விவரம் நீண்டு இரண்டாம் வரிக்குப் போனால், அந்த வரி தேதிக்கு அடியில் போய் விழுந்துவிடும். எழுத்துகளைத் தம் எல்லைக்குள் நிறுத்திவைக்க ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவர்தான் அட்டவணை.

ஓர் எடுத்துக்காட்டைச் செய்து பார்ப்போம். விழுப்புரம் மாவட்டத்துக் கெடாரில் வசிக்கும் ஓர் இளைஞர் 2022 மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார். 2023 பிப்ரவரியில் ஆங்கிலத் தட்டச்சு இளநிலைத் தேர்வில் தேறினார். 2023 செப்டம்பரிலிருந்து விழுப்புரத்தில் ஒரு மின்பொருள் கடையில் கணக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலம், செய்தது, அதில் பெற்ற திறன் என மூன்று பத்திகள் அவருக்குத் தேவை.

முதலில் தாளை அளப்போம். A4 தாளின் அகலம் 21 செ.மீ. இரு பக்கமும் 2 செ.மீ. ஓரம் விட்டால் மீதி 17 செ.மீ. இதைப் பங்கிட வேண்டும். காலப் பத்திக்கு 3 செ.மீ. போதும் என்று தோன்றும். ஆனால் மாதப் பெயர்களில் மிக நீண்டது September. September 2023 என்பதன் அகலம் சுமார் 2.76 செ.மீ. கட்டத்தின் சுவருக்கும் எழுத்துக்கும் நடுவே வேர்ட் தானாகவே இரு புறமும் 0.19 செ.மீ. விடுகிறது. ஆக மொத்தம் 3.14 செ.மீ. வேண்டும். 3 செ.மீ. கொடுத்திருந்தால் ஆண்டு மட்டும் கீழ் வரிக்கு நழுவியிருக்கும். எனவே காலத்துக்கு 3.5, செய்ததற்கு 8, திறனுக்கு 5.5 என்று பிரிப்போம். கூட்டினால் 17.

இனி வேர்டுக்குள் போவோம். Insert பிரிவில் Table என்பதை அழுத்தி, மூன்று பத்தியும் ஐந்து வரிசையும் உள்ள அட்டவணையைச் செருகுங்கள். அதற்குள் சுட்டியை வைத்ததும் மேலே Layout என்று ஒரு பிரிவு தோன்றும். சில பதிப்புகளில் அதன் பெயர் Table Layout. அங்கே AutoFit என்பதில் Fixed Column Width என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் நீண்ட சொல்லைத் தட்டும்போது பத்தி தானே விரிந்து உங்கள் கணக்கைக் குலைத்துவிடும். பிறகு Properties சன்னலின் Column பக்கத்தில் மூன்று அகலங்களையும் எழுதுங்கள். முதல் வரிசையின் மூன்று கட்டங்களையும் Merge Cells கொண்டு ஒன்றாக்கிப் பெயரையும் முகவரியையும் இடுங்கள். இரண்டாம் வரிசை தலைப்புகளுக்கு. மற்ற மூன்றும் இளைஞரின் மூன்று செய்திகளுக்கு. ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குச் செல்ல Tab விசை. கட்டத்துக்குள்ளேயே Tab வேண்டுமானால் Ctrl+Tab.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எல்லாத் தேதிகளையும் ஒரே கட்டத்தில் Enter தட்டித் தட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவார்கள். வேலைகளையும் அப்படியே பக்கத்துக் கட்டத்தில் எழுதுவார்கள். முதலில் அழகாகத்தான் இருக்கும். ஒரு வேலையின் விவரம் இரண்டு வரியானால் போதும், அதற்குக் கீழுள்ள ஒவ்வொரு தேதியும் தவறான வேலைக்கு நேரே நிற்கும். தேர்வாளர் அதை உண்மையென்றே படிப்பார். ஆகவே ஒரு செய்திக்கு ஒரு வரிசை என்பதே விதி. அப்போது விவரம் எத்தனை வரி வளர்ந்தாலும் வரிசை முழுதும் சேர்ந்தே உயரும். தேதி தன் வேலையை விட்டுப் பிரியாது.

எல்லாம் எழுதியபின் அட்டவணையைத் தேர்ந்தெடுத்து, Borders என்பதில் No Border கொடுங்கள். கோடுகள் மறைந்துவிடும், கட்டங்கள் மறைவதில்லை. திருத்தும்போது அவை தெரிய வேண்டுமா? Layout பிரிவில் View Gridlines என்பதை அழுத்துங்கள். திரையில் மெல்லிய கோடுகள் தோன்றும். அச்சில் அவை வாரா.

இன்னொரு புதிரும் உண்டு. அட்டவணை பக்கத்தின் அடிவரை நிறைந்திருந்தால், ஒன்றுமே எழுதாத இரண்டாம் பக்கம் ஒன்று முளைக்கும். அழிக்க முயன்றால் அழியாது. காரணம் இதுதான்: அட்டவணைக்குப் பின் ஒரு வெற்றுப் பத்திக் குறி இருந்தே தீரவேண்டும் என்பது வேர்டின் அமைப்பு. பக்கத்தில் இடமில்லாததால் அது அடுத்த பக்கத்துக்குப் போகிறது. அந்தக் குறியைத் தேர்ந்தெடுத்து எழுத்தளவை 1 பாயின்ட் ஆக்கி, முன்பின் இடைவெளிகளைச் சுழியாக்கினால் பெரும்பாலும் முதல் பக்கத்துக்கே திரும்பிவிடும். அப்போதும் திரும்பாவிட்டால் எழுதியதில் ஒரு வரியைக் குறைப்பதே வழி.

கடைசியாக ஒரு சோதனை. கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, அட்டவணைக்குள் சுட்டியை வைத்து Layout பிரிவின் Convert to Text என்பதை அழுத்துங்கள். சுவர்கள் நீங்கி எழுத்து மட்டும் மிஞ்சும். தேதி, வேலை, திறன் என்ற ஒழுங்கில் ஒவ்வொரு வரியும் பொருள்பட வந்தால் அமைப்பு சரி. பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளும் பெரும்பாலும் இந்த ஒழுங்கிலேதான் படிக்கும். ஆனால் வேலைவாய்ப்பு இணையதளங்களில் விவரங்களைத் தானாகப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் சில, அட்டவணையைக் கண்டால் தடுமாறும். அங்கே அனுப்ப இந்த எழுத்து வடிவ நகலைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சிடக் கடைக்குக் கொண்டு போகும்போது மட்டும் Save As வழியாக PDF ஆக்கிக்கொண்டு போங்கள். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று அதன் இடத்தைப் பிடிக்கும். அதன் அகலம் வேறு. அப்போது நாம் போட்ட 3.14 செ.மீ. கணக்கு என்னவாகும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள், அல்லவா?