ஆறு சதவீதப் பங்குக்கு அடிதடி

2008 அக்டோபரில் உலகச் சந்தைகள் சரிந்துகொண்டிருந்தன. கார் வாங்க ஆளில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பங்கு மட்டும் இரண்டே வர்த்தக நாட்களில் சுமார் 210 யூரோவிலிருந்து 1,000 யூரோவைத் தாண்டியது. சிறிது நேரம் உலகிலேயே அதிக சந்தை மதிப்புள்ள நிறுவனமாகவும் இருந்தது. அந்த நிறுவனத்தின் தொழிலில் எதுவும் மாறிவிடவில்லை. விலையை ஏற்றியவர்கள், அது இறங்கும் என்று பந்தயம் கட்டியவர்களே.

அவர்கள் செய்தது 'ஷார்ட் செல்லிங்'. பங்கை வைத்திருப்பவரிடம் கட்டணம் கொடுத்துக் கடன் வாங்கி, 200 யூரோவுக்கு விற்கிறார் ஒருவர். விலை 150 ஆனதும் வாங்கித் திருப்பிக் கொடுத்தால், வித்தியாசமான 50 யூரோவில் கட்டணம் போக மீதி லாபம். ஆனால் கணக்கு தப்பினால்? சாதாரணமாகப் பங்கு வாங்கியவருக்குப் போட்ட பணம்தான் போகும். கடன் வாங்கி விற்றவரின் நஷ்டத்துக்கோ உச்சவரம்பே கிடையாது. விலை ஏற ஏற, புரோக்கர் கூடுதல் மார்ஜின் பணம் கேட்பார். கட்ட முடியாவிட்டால் அவரே சந்தையில் பங்கை வாங்கிக் கணக்கை முடித்துவிடுவார். அந்தக் கொள்முதல் விலையை இன்னும் ஏற்றும், அடுத்தவர் மாட்டுவார். இதுதான் 'ஷார்ட் ஸ்குவீஸ்'.

ஃபோக்ஸ்வாகன் பங்கின் விலை அதன் தகுதிக்கு மீறியது என்று பல ஹெட்ஜ் ஃபண்டுகள் கருதின. அதில் தவறில்லை. அவர்கள் பார்க்கத் தவறியது, சந்தையில் பங்கு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை.

அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை. தன்னிடம் ஃபோக்ஸ்வாகனின் சாதாரணப் பங்குகளில் 42.6 சதவீதம் இருப்பதாகவும், மேலும் 31.5 சதவீதத்துக்கு ஆப்ஷன் ஒப்பந்தங்கள் இருப்பதாகவும் போர்ஷே நிறுவனம் அறிவித்தது. அந்த ஒப்பந்தங்களை எழுதிக் கொடுத்த வங்கிகள் தங்கள் பாதுகாப்புக்காகப் பங்குகளை வாங்கி வைத்திருந்தன. அவையும் விற்பனைக்கு வராது. லோயர் சாக்சனி மாநில அரசிடம் இருபது சதவீதத்துக்குச் சற்று மேல். அதுவும் விற்கப்போவதில்லை. கூட்டிக் கழித்தால் எஞ்சியது ஆறு சதவீதத்துக்கும் குறைவு. கடன் வாங்கி விற்கப்பட்டிருந்ததோ சுமார் பன்னிரண்டு சதவீதம்!

திங்கள் காலை எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்க ஓடினார்கள். அன்று சந்தை முடிகையில் விலை 520 யூரோ. செவ்வாயன்று உச்சமாக 1,005. பங்கின் மதிப்பு என்ன என்று யோசிக்க யாருக்கும் அவகாசம் இல்லை. கடனை அடைத்தாக வேண்டும், எந்த விலைக்காவது.

புதன்கிழமை போர்ஷே, தன் ஆப்ஷன்களில் ஐந்து சதவீதம் வரை விடுவிக்கத் தயார் என்றது. அன்றே விலை பாதியளவுக்குச் சரிந்தது. ஏற்றத்தின் உச்சத்தில் ஆசைப்பட்டு வாங்கியவர்களுக்கு அது பேரிடி.

எனவே ஒரு பங்கில் இத்தகைய ஆபத்து உண்டா என்று அறிய, ஷார்ட் செய்யப்பட்ட பங்குகளை நிறுவனத்தின் மொத்தப் பங்குகளோடு ஒப்பிட்டால் போதாது. உண்மையில் கைமாறக்கூடிய பங்குகளோடு ஒப்பிட வேண்டும். அன்றாடம் எத்தனை பங்குகள் கைமாறுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். ஷார்ட் செய்யப்பட்டவற்றைத் திரும்ப வாங்கவே பல நாள் வர்த்தகம் தேவைப்படுமென்றால், வெளியேறும் வாசல் குறுகலானது. அப்போதும் ஒரு தூண்டுதல் வராமல் விலை வெடிக்காது. ஃபோக்ஸ்வாகனில் அந்தத் தூண்டுதல், ஞாயிற்றுக்கிழமை வந்த ஓர் அறிக்கை.