வளையலை முந்தும் ஸ்ட்ரைக்கர்

பிளஸ் ஒன் இயற்பியலில் சுழற்சி இயக்கம் வந்ததும் பல பிள்ளைகள் மிரண்டுபோவது அதிலுள்ள கிரேக்க எழுத்துகளைப் பார்த்துத்தான். ஆனால் நேர்கோட்டில் ஓடும் பொருளுக்கு ஏற்கெனவே படித்ததைத்தான் அங்கே சுற்றும் பொருளுக்கு மறுபடி எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி இருக்கும்:

| நேர்கோட்டு இயக்கம் | சுழற்சி இயக்கம் |
|---|---|
| இடப்பெயர்ச்சி x | கோண இடப்பெயர்ச்சி θ |
| திசைவேகம் v | கோணத் திசைவேகம் ω |
| முடுக்கம் a | கோண முடுக்கம் α |
| நிறை m | நிலைமத் திருப்புத்திறன் I |
| விசை F = ma | திருப்பு விசை τ = Iα |
| உந்தம் p = mv | கோண உந்தம் L = Iω |
| இயக்க ஆற்றல் ½mv² | இயக்க ஆற்றல் ½Iω² |

இடது பக்கத்துச் சூத்திரத்தில் m வரும் இடத்தில் I, v வரும் இடத்தில் ω என்று மாற்றிக்கொண்டே போனால் வலது பக்கம் தானாக வந்துவிடும். திருப்பு விசையும் புரியாத சங்கதி அல்ல. கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் நகர மறுக்கிறது, கைப்பிடியில் தள்ளினால் லேசாகத் திறக்கிறது. அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி விசையைக் கொடுக்கிறோம் என்பதும் கணக்கில் சேர்கிறது, அவ்வளவுதான்.

சிக்கல் நான்காவது வரிசையில் இருக்கிறது. ஒரு கிலோ இரும்பை எப்படித் தள்ளினாலும் அதன் நிறை ஒரு கிலோதான். நிலைமத் திருப்புத்திறன் அப்படி ஒரே எண்ணாக நிற்பதில்லை. பொருளைச் சிறு சிறு துணுக்குகளாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு துணுக்கின் நிறையையும் அது அச்சிலிருந்து இருக்கும் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வருவது I. மெல்லிய வளையத்தில் எல்லாத் துணுக்கும் விளிம்பிலேயே இருப்பதால் அதன் I, mR². தட்டையான வட்டில் நிறை உள்ளேயும் பரவியிருப்பதால், அது ½mR² ஆகக் குறைகிறது. அதே வட்டை நாணயம் சுண்டுவதுபோல் விட்டத்தை அச்சாக்கிச் சுழற்றினால் ¼mR² தான். பொருள் ஒன்றுதான், அச்சு மாறியதும் எண் பாதியாகிவிட்டது. ஆகவே எந்த அச்சு என்று சொல்லாமல் I-க்கு மதிப்புக் கொடுத்தால் அந்த விடைக்கு அர்த்தமே கிடையாது.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க ஒரு பலகை போதும். ஒரு முனையைச் சற்றே உயர்த்தி வைத்து, உலோக வளையல் ஒன்றையும் கேரம் ஸ்ட்ரைக்கரையும் நிமிர்த்தி ஒரே நேரத்தில் உருளவிடுங்கள். (கேரம் போர்டையே சாய்த்தால் பவுடரில் வழுக்கும், வழுக்கினால் கீழே வரும் கணக்கு செல்லாது.) ஸ்ட்ரைக்கர்தான் முந்தும். எது கனம், எது பெரிது என்பது இங்கே எடுபடாது.

காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு கிலோ எடையுள்ள பொருள் அரை மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 5 ஜூல் ஆற்றல் கிடைக்கும். உருளும் பொருள் அதில் ஒரு பங்கை முன்னே நகர்வதற்கும் ஒரு பங்கைச் சுற்றுவதற்கும் கொடுத்தாக வேண்டும். வழுக்காமல் உருண்டால் v = Rω. வளையத்துக்கு ½Iω²-இல் இதைப் போட்டால் ½mv² என்றே வருகிறது. அதாவது நகர்வுக்கு 2.5 ஜூல், சுழற்சிக்கு 2.5 ஜூல். வேகம் வினாடிக்குச் சுமார் 2.2 மீட்டர். வட்டுக்குச் சுழற்சிப் பங்கு ¼mv² தான், நகர்வுக்கு 3.3 ஜூல் மிஞ்சுகிறது, வேகம் 2.6 மீட்டராகிறது. வேகத்தைக் கண்டுபிடிக்கும்போது m, R இரண்டும் அடிபட்டுப் போவதால்தான் கனமும் அளவும் எடுபடவில்லை.

v = Rω என்று எழுதும்போது கோணம் ரேடியனில் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும் மின்விசிறியின் ω, வினாடிக்கு 31.4 ரேடியன். அவசரத்தில் 300-ஐயே போட்டால், வர்க்கம் எடுப்பதால் இயக்க ஆற்றல் 90 மடங்குக்கு மேல் ஏறிவிடும். விசிறிக்கு லாரியின் ஆற்றல் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அலகைத்தான்.

அட்டவணை இன்னொன்றையும் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது: பொருள் முழுவதும் ஒன்றாகச் சுற்றுகிறது என்பது. அதே பலகையில், கழுத்துவரை தண்ணீர் நிரப்பி மூடிய உருளை பாட்டிலை ஸ்ட்ரைக்கரோடு உருட்டிப் பாருங்கள். ஓடுதான் சுற்றுகிறது, உள்ளே இருக்கும் தண்ணீர் பெரும்பாலும் சுற்றாமல் கூடவே இறங்குகிறது. சுழற்சிக்கு அதிகம் செலவாகாததால் பாட்டில் ஸ்ட்ரைக்கரையே முந்திவிடும். அதே தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகிவிட்டால் ஓட்டோடு சேர்ந்து சுற்றியாக வேண்டும். அப்போது பாட்டிலின் வேகம் ஏறக்குறைய ஸ்ட்ரைக்கரின் வேகத்துக்கே இறங்கிவிடும்.