சுவரைத் தாண்டி வரும் வெளிச்சம்

விளையாட்டில் ஓர் அறை. கதவும் ஜன்னலும் சாத்தியிருக்கின்றன. ஆனாலும் சுவரின் அடியில், தரையில் ஒரு வெளிச்சக் கோடு தெரிகிறது. கோளாறு விளக்கில் இல்லை, லைட்மேப்பில் இருக்கிறது.

அசையாத பொருட்களின் மேல் விழும் ஒளியை யூனிட்டி போன்ற எஞ்சின் முன்கூட்டியே கணக்கிட்டு ஒரு படமாகச் சேமித்துவிடும். இதைத்தான் 'பேக்' செய்வது என்கிறார்கள். அந்தப் படத்தின் ஒரு கட்டத்துக்கு டெக்சல் என்று பெயர். பரப்பின் எந்த இடம் எந்த டெக்சலில் உட்கார வேண்டும் என்பதைச் சொல்வது மாடலின் இரண்டாவது யூவி.

இரண்டாவது எதற்கு? நாற்காலியின் நான்கு கால்களுக்கும் ஒரே மரப் படம் போதும் என்பதால், முதல் யூவியில் நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். ஒளிக்கு அது சரிவராது. ஜன்னலோரக் காலின் வெளிச்சம் மறுபக்கக் காலிலும் ஒட்டிக்கொள்ளும். சீன் வியூவில் UV Overlap என்பதைத் தேர்ந்தெடுத்தால் இப்படி மோதும் இடங்கள் சிவப்பாகத் தெரியும். மாடலின் இம்போர்ட் அமைப்பில் Generate Lightmap UVs-ஐ டிக் செய்தால் எஞ்சினே புதிய யூவியைப் பிரித்து அடுக்கித் தரும். அதன் பிறகும் சிவப்பு போகவில்லையென்றால், துண்டுகளுக்கு நடுவே இடைவெளி போதவில்லை. Pack Margin-ஐக் கூட்ட வேண்டும்.

அடுத்தது டெக்சல் அடர்த்தி. Baked Lightmap காட்சியில் பரப்பெங்கும் சதுரங்கக் கட்டங்கள் தெரியும். மேசைக் காலில் பொடிக் கட்டங்களும் மேற்பலகையில் பெரிய கட்டங்களுமாக இருந்தால், பலகையில் விழும் நிழல் படிக்கட்டுபோல் உடையும். பிளெண்டரில் எல்லாத் துண்டுகளையும் தேர்ந்தெடுத்து Average Islands Scale கொடுத்தால் அளவு சமமாகும். பிறகு Pack Islands. ஒரு பொருள் முழுவதுமே மங்கலாக இருந்தால், அதன் Scale In Lightmap-ஐ மட்டும் உயர்த்தினால் போதும்.

இப்போது அந்த வெளிச்சக் கோடு. Lightmap Resolution 10 என்றால் ஒரு மீட்டருக்கு 10 டெக்சல், அதாவது ஒரு டெக்சல் 10 செ.மீ. சுவரின் தடிமனும் 10 செ.மீ.தான். தரையோ உள்ளிருந்து வெளிமுற்றம் வரை ஒரே பலகை. வெயிலில் பாதி, சுவருக்கடியில் பாதி எனக் கிடக்கும் டெக்சல் வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறது. திரையில் காட்டும்போது பக்கத்து டெக்சல்களோடு அது கலப்பதால் வெளிச்சம் அறைக்குள் எட்டிப் பார்க்கிறது.

அளவை 40 ஆக்கினால் டெக்சல் 2.5 செ.மீ. ஆகச் சுருங்கும், கோடும் மெலியும். ஆனால் படம் 16 மடங்கு இடம் கேட்கும். அதைவிட, உள்தரையையும் வெளித்தரையையும் சுவருக்கடியில் வெட்டித் தனித்தனித் துண்டாக்குவது மலிவு. யூவியில் அவை விலகி நிற்பதால் முற்றத்து வெயில் உள்தரையின் டெக்சலைத் தொடாது. வெட்ட முடியாத இடத்தில் சுவரைத் தடிமனாக்கலாம்.

சரிபார்க்கும் வரிசையும் முக்கியம். யூவி மோதல், அடர்த்தி, கடைசியில் கசிவு. முதலிரண்டும் சரியாகாமல் கசிவைத் துரத்தினால், யூவியை மாற்றும் ஒவ்வொரு தடவையும் முழு அறையையும் மறுபடி பேக் செய்ய வேண்டிவரும்.